கறுப்பில் தெரிந்த வலைவீச்சு, கேமுக்குள் போனதும் ஏன் மறைகிறது?

வாவிக்கரை | 2025 மார்ச் 3, இரவு 10.15

கல்லடியில் நானும் தம்பியும் சேர்ந்து ஒரு கேம் செய்கிறோம். வாவியில் இரண்டு தோணிகள், தோணிக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஒரு வீச்சுவலை. எதிராளி வலையை வீசப்போகிறான் என்பதை அரை விநாடி முன்னதாகக் கண்டுகொண்டால் தோணியை விலக்கிவிடலாம். கண்டுகொள்ளாவிட்டால் இரண்டு வலைகளும் சிக்கிவிடும், இருவருக்கும் மீன் இல்லை. முழு விளையாட்டும் அந்த ஆயத்த நிலை கண்ணில் படுவதை நம்பியே இருக்கிறது.

அந்த நிலையைப் பிளெண்டரில் முழுக் கறுப்பாக்கி, வெள்ளைப் பின்னணியில் பார்த்தேன். முறுக்கிய இடுப்பு, உயர்ந்த முழங்கை, தொங்கும் வலை எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. நிழலுருச் சோதனையில் தேறியது என்று எழுதியும் வைத்தேன். அதையே கேமில் போட்டுக் கைத்தொலைபேசியில் பார்த்தால், தோணியில் யாரோ நிற்கிறார் என்பதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. வீசப்போகிறாரா, தண்ணீரை எட்டிப் பார்க்கிறாரா என்று தம்பியாலேயே சொல்ல முடியவில்லை. அவன்தான் அந்த அசைவைச் செய்தவன்.

நிழலுருச் சோதனை தவறா, நான் செய்த விதம் தவறா?

அக்கரைக்காற்று | மார்ச் 3, இரவு 10.52

தம்பி, வெளிக்கோடு போடுங்கள். ஆளைச் சுற்றி இரண்டு பிக்சல் கறுப்புக் கோடு விழும்படி ஒரு ஷேடர். சிறிய திரைக்கு அதுதான் மருந்து. என்னுடைய ஓட்டக் கேமில் அதைப் போட்ட பிறகு ஆள் பளிச்சென்று தெரிந்தார். நிலையைத் திருத்திக்கொண்டிருந்தால் மாதம் போய்விடும்.

தாளங்குடா | மார்ச் 3, இரவு 11.30

வாவிக்கரை, நீங்கள் பிளெண்டரில் பார்த்தபோது கமரா எங்கே இருந்தது? கேமில் எங்கே இருக்கிறது? கோணம், தூரம், பார்வை அகலம் மூன்றையும் எண்ணாகக் கொடுங்கள். அது தெரியாமல் யார் சொல்வதும் ஊகம்தான்.

வாவிக்கரை | மார்ச் 4, காலை 6.40

கேம் கமரா ஆளிலிருந்து 14 மீட்டர் தூரத்தில், 50 பாகை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. செங்குத்துப் பார்வை அகலம் 40 பாகை. ஆளின் உயரம் 1.7 மீட்டர். படம் 1080 பிக்சல் உயரம்.

பிளெண்டரில் நான் பார்த்தது ஆளின் நெஞ்சு உயரத்தில் வைத்த கமரா வழியாக, பக்கவாட்டில். திரை முழுவதும் ஆள். கேள்வியைப் படித்தபோதே முகம் சுட்டது.

தாளங்குடா | மார்ச் 4, பகல் 1.05

விடை அங்கேயே இருக்கிறது. ஒரு முறை கையால் கணக்கிட்டுப் பாருங்கள், பிறகு மறக்காது.

14 மீட்டரில், 40 பாகையில், திரையின் முழு உயரத்துக்குள் அடங்குவது ஏறக்குறைய 10.2 மீட்டர். ஆகவே ஒரு பிக்சல் ஒரு சென்ரிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1.7 மீட்டர் ஆளை நேரே பார்த்தால் 180 பிக்சல். ஆனால் நீங்கள் மேலிருந்து 50 பாகையில் பார்க்கிறீர்கள். உயரம் அதனால் 64 விழுக்காடாகக் குறுகும். மிஞ்சுவது 116 பிக்சல். ஆறரை அங்குலக் கைத்தொலைபேசியைக் கிடையாகப் பிடித்தால் திரையின் உயரம் 68 மில்லிமீட்டர் அளவு, அதில் உங்கள் ஆள் 7 மில்லிமீட்டர். நீளமான ஓர் அரிசி மணி. அந்த அரிசி மணிக்குள் இடுப்பு முறுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இந்தக் கோணத்தில் உயரம் 64 விழுக்காடாகத் தெரியும்போது, கமராவை நோக்கித் தரையோடு நீளும் பொருள் 77 விழுக்காடாகத் தெரியும், அதுவும் திரையில் கீழ்நோக்கி. ஆள் கமராவைப் பார்த்து நின்று 70 சென்ரிமீட்டர் கையை முன்னே நீட்டினால், அந்தக் கை தோளிலிருந்து 54 சென்ரிமீட்டர் கீழே இறங்கியதுபோல் திரையில் விழும். தோளிலிருந்து இடுப்பு வரை திரையில் தெரிவதே 32 சென்ரிமீட்டர்தான். ஆகவே நீட்டிய கை முழு உடலையும் மூடித் தொடைவரை வந்துவிடும். கறுப்பாக்கினால் கை என்று ஒன்று இருக்காது.

இதுவே ஆள் நமக்கு முதுகு காட்டி நின்றால், முன்னே நீட்டிய கை திரையில் மேல்நோக்கிப் போய்த் தலைக்கு மேலே நிற்கும். தெளிவாகத் தெரியும். பலர் முதுகு காட்டும் பக்கம்தான் கடினம் என்று நினைக்கிறார்கள். மேலிருந்து பார்க்கும் கமராவில் முகம் காட்டும் பக்கமே கடினம்.

நிழலுருச் சோதனையில் பிழை இல்லை. கேமின் கமரா வழியாக, கேமில் தெரியும் அளவில், எட்டுத் திசைக்கும் செய்தால்தான் அது சோதனை.

வாவிக்கரை | மார்ச் 5, இரவு 9.20

எட்டுத் திசையும் செய்தேன். கமராவுக்கு நேரே முகம் காட்டுவதைத் தெற்கு என்று வைத்துக்கொண்டேன். ஆளை 45 பாகை வீதம் திருப்பி, ஒரே ஆயத்த நிலையை எட்டுப் படமாக எடுத்து, ஒரே தாளில் அடுக்கினேன். பெரிதாக்கவில்லை. 116 பிக்சல் ஆள் 116 பிக்சலாகவே.

பிளெண்டரில் செய்பவர்களுக்கு: மேல் வலப்பக்கத்தில் உள்ள காட்சி அமைப்பில் ஒளியை `Flat`, நிறத்தை `Single` என்று மாற்றி அந்த நிறத்தைக் கறுப்பாக்குங்கள். பின்னணியை `Viewport` ஆக்கி வெள்ளை கொடுங்கள். அவ்வளவுதான், பொருளின் நிறங்களைத் தொட வேண்டியதில்லை.

முடிவு: வடக்கு, வடகிழக்கு, வடமேற்கு தெளிவு. கிழக்கு, மேற்கு பரவாயில்லை. தெற்கு, தென்கிழக்கு, தென்மேற்கு மூன்றும் வெறும் உருண்டை. கேமில் எதிராளி பெரும்பாலும் திரையின் மேல் பாதியில் நின்று நம்மை நோக்கி வருகிறான். அதாவது, அவன் மிகுதியாக நிற்பது படிக்க முடியாத அந்த மூன்று திசைகளில்.

மருதமுனைநெசவு | மார்ச் 5, இரவு 10.08

எனக்கும் இதே தொல்லை. எங்கள் கைத்தறிக் கடைக்கு ஒரு சின்னம் செய்தேன், தறியில் இருக்கும் பெண்ணின் உருவம். பெரிதாக அச்சிட்டால் அழகு, கைத்தொலைபேசித் திரையில் சதுரச் சின்னமாகப் போட்டால் தறியும் பெண்ணும் ஒன்றாகிவிடுகின்றன. கடைசியில் பெண்ணை எடுத்துவிட்டு நாடாவை மட்டும் வைத்தேன். நீங்களும் ஆளை எடுத்துவிட்டு வலையை மட்டும் சின்னமாக வைக்கலாமே?

வாவிக்கரை | மார்ச் 5, இரவு 10.31

சகோதரி, நான் கேட்பது கேமின் சின்னத்தைப் பற்றி இல்லை, உள்ளே அசையும் ஆளைப் பற்றி. ஆனால் நீங்கள் சொன்னதை விடப்போவதில்லை. பெண்ணும் தறியும் ஒன்றானதுபோலவே எங்கள் ஆளும் வலையும் ஒன்றாகின்றன. எதை விட்டால் சொல்ல வந்தது நிற்கும் என்று இதுவரை யோசிக்கவில்லை.

வாவிக்கரை | மார்ச் 7, இரவு 8.45

இரண்டு நாள் மாலையில் கல்லடிப் பாலத்தில் நின்றேன். மாமா நாற்பது வருடமாக வலை வீசுகிறவர். அவரைக் கரையிலிருந்து காணொளி எடுத்துத்தான் தம்பி இந்த அசைவைச் செய்தான். கரையிலிருந்து, கண் உயரத்தில், பக்கவாட்டில். பிழை பிளெண்டரில் தொடங்கவில்லை, அந்தக் காணொளியிலேயே தொடங்கிவிட்டது.

பாலத்திலிருந்து கீழே பார்க்கும்போது அவர் நம் கேமின் ஆள் போலவே சிறியதாகத் தெரிகிறார். நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். மாமா வலையின் ஒரு பகுதியை இடது முழங்கையில் போட்டுக்கொள்கிறார், ஈயக்குண்டு கட்டிய விளிம்பின் ஒரு துண்டைப் பல்லில் கடித்துக்கொள்கிறார், மிச்சத்தை வலக்கையில் அள்ளிக்கொள்கிறார். கரையிலிருந்து பார்த்தால் பல்லில் கடிப்பதுதான் அழகு, தம்பியும் அதற்காக மூன்று நாள் உழைத்தான். பாலத்திலிருந்து அது தெரியவே இல்லை. தலையே ஒரு புள்ளி.

தெரிந்தவை இரண்டு. ஒன்று, இடது முழங்கை உடலைவிட்டு வெளியே விலகி, அதிலிருந்து வலை தோணியின் விளிம்புக்கு வெளியே தொங்குவது. முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் தண்ணீர் தெரிந்தது. அந்தச் சிறிய முக்கோணத் தண்ணீரைப் பார்த்துத்தான் வீசப்போகிறார் என்று எனக்குப் புரிந்தது. மற்றொன்றை நான் எதிர்பார்க்கவில்லை: தோணி. அவர் உடலை முறுக்கிப் பாரத்தைப் பின்காலுக்கு மாற்றும்போது தோணி ஒரு பக்கம் சரிகிறது, சுற்றிலும் தண்ணீரில் வளையம் எழுகிறது. ஆளைவிடப் பெரிய உருவம் அதுதான். நம் கேமில் தோணி பலகைபோல அசையாமல் கிடக்கிறது.

கூத்துக்களரி | மார்ச் 7, இரவு 9.30

என் அப்பா கூத்துப் பழக்கும் அண்ணாவியார். நான் கேம் செய்கிறவன் இல்லை, இந்த இழையைத் தம்பி ஒருவர் அனுப்பினார்.

வட்டக்களரியில் நான்கு பக்கமும் ஆட்கள் இருப்பார்கள். ஒரு பக்கம் முகம் காட்டினால் எதிர்ப்பக்கத்தவர் முதுகைத்தான் பார்ப்பார். அப்படியும் கடைசி வரிசையில் பாயில் இருக்கும் கிழவிக்கு யார் வருகிறார், என்ன செய்யப்போகிறார் என்று தெரிந்துவிடும். வடமோடிக் கூத்தில் கூடைபோல் விரிந்து நிற்கும் கரப்புடுப்பும் தலையில் வைக்கும் முடியும் ஆளின் உருவத்தைப் பெரிதாக்குகின்றன. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் கரப்புடுப்பு ஒரே வட்டம்தான். அந்த வட்டத்துக்கு உள்ளே செய்யும் கைவேலை யாருக்கும் தெரியாது. அப்பா புதிய ஆட்டக்காரருக்குச் சொல்வார்: "கையை உடுப்புக்கு வெளியே கொண்டுபோ, உள்ளே வைத்தால் உனக்கு மட்டும்தான் தெரியும்." நீங்கள் பாலத்தில் கண்ட முழங்கையும் அதுதானே?

தாளங்குடா | மார்ச் 7, இரவு 10.10

அண்ணாவியார் சொன்னதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கரப்புடுப்பு எல்லாப் பக்கமும் ஒரே உருவம், ஆகவே ஆள் இருப்பது தெரியும், எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பது அதிலிருந்து தெரியாது. வாவிக்கரைக்கு இரண்டும் வேண்டும். வீசப்போகிறான் என்பதோடு எந்தப் பக்கம் வீசப்போகிறான் என்பதும் தெரிய வேண்டும். வலை ஒரு முழங்கையில் மட்டும் தொங்குவது அதற்கு வாய்ப்பு. அதைச் சமன்படுத்தாதீர்கள்.

முழங்கைக்கும் விலாவுக்கும் இடையிலான அந்த முக்கோணத்தை அளந்து பாருங்கள். இறுதி அளவில் நான்கு பிக்சலாவது அகலம் இல்லாவிட்டால் விளிம்பு மென்மையாக்கத்தில் அது சாம்பலாகக் கரைந்துவிடும். உங்கள் கணக்கில் நான்கு பிக்சல் என்பது நான்கு சென்ரிமீட்டர்தான். ஆனால் விலை குறைந்த கைத்தொலைபேசியில் கேம் 720இல் ஓடினால் அதே நான்கு பிக்சலுக்கு ஆறு சென்ரிமீட்டர் வேண்டும். அசைவில் கை ஒரே இடத்தில் நிற்காது என்பதையும் சேர்த்தால், நான் பத்து சென்ரிமீட்டர் வைப்பேன். பக்கத்திலிருந்து பார்த்தால் மிகையாகத் தோன்றும். யாரும் பக்கத்திலிருந்து பார்க்கப்போவதில்லை.

வாவிக்கரை | மார்ச் 9, இரவு 11.40

புதிய நிலை. இடது முழங்கை தோள் உயரத்துக்கு எழுந்து வெளியே போகிறது. வலை தோணிக்கு வெளியே தொங்குகிறது. வலக்கை முன்னால் இல்லை, பின்னும் பக்கமுமாக விலகி நிற்கிறது. தோணி ஆறு பாகை சரிகிறது. மாமா இவ்வளவு சரிக்கமாட்டார், மூன்றுதான் இருக்கும்.

எட்டுத் திசைத் தாள்: தெற்கு இப்போது தெளிவு. முழங்கை முக்கோணம் ஏழு பிக்சல். தென்கிழக்கும் சரி. தென்மேற்கு மட்டும் இன்னும் உருண்டை. அங்கே முழங்கை கமராவை நோக்கி வருவதால் மறுபடியும் உடலின் மேல் விழுகிறது.

கேமுக்குள்ளேயே நிழலுரு பார்க்க ஒரு சிறிய நிரல் எழுதினேன். நாங்கள் கோடோ 4 பயன்படுத்துகிறோம். ஒரு விசையை அழுத்தினால் ஆளும் தோணியும் கறுப்பாகும், மீண்டும் அழுத்தினால் பழையபடி.

```gdscript
extends Node

@export var root: Node3D
var on := false
var black := StandardMaterial3D.new()

func _ready():
	black.shading_mode = BaseMaterial3D.SHADING_MODE_UNSHADED
	black.albedo_color = Color.BLACK

func _unhandled_input(e):
	if e.is_action_pressed("sil_check"):
		on = not on
		for m in root.find_children("*", "MeshInstance3D", true, false):
			m.material_override = black if on else null
```

`root` என்ற இடத்தில் ஆளும் தோணியும் அடங்கிய கணுவைக் கொடுக்க வேண்டும். `sil_check` என்ற பெயரில் விசை ஒன்றைத் திட்ட அமைப்பில் சேர்க்க வேண்டும்.

அக்கரைக்காற்று | மார்ச் 10, காலை 7.15

நிரலை எடுத்துப் போட்டேன், நன்றி. ஒரு குறை. என் ஆளுக்கு ஏற்கெனவே `material_override` இல் வேறு ஒன்று வைத்திருந்தேன். விசையை இரண்டாம் முறை அழுத்தியதும் அது அழிந்துவிட்டது. முன்பு இருந்ததை எங்காவது சேமித்து வைத்துத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

வெளிக்கோடு பற்றி நான் சொன்னதை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

வாவிக்கரை | மார்ச் 10, இரவு 9.05

அக்கரைக்காற்று நானா சொன்ன குறை உண்மை. எங்கள் தோணியின் ஈர விளிம்பும் அப்படித்தான் காணாமல் போயிருந்தது, இரண்டு மணி நேரம் வேறு இடத்தில் தேடினேன். ஓர் அகராதியில் பழையதைச் சேமித்துத் திருப்பிக் கொடுக்கும்படி மாற்றிவிட்டேன்.

வெளிக்கோட்டையும் போட்டுப் பார்த்தேன். இரண்டு பிக்சல். ஆள் பளிச்சென்று வந்தது உண்மை, ஆனால் ஏழு பிக்சல் முக்கோணம் மூன்றாகிவிட்டது. கோடு முழங்கைப் பக்கமிருந்து இரண்டு, விலாப் பக்கமிருந்து இரண்டு என்று இடைவெளியைத் தின்கிறது. பழைய நிலையில், இடைவெளி மூன்றே பிக்சலாக இருந்த திசைகளில், முழுவதும் அடைத்துவிட்டது. ஆள் எங்கே என்பது முன்னைவிட நன்றாகத் தெரிகிறது, என்ன செய்கிறான் என்பது முன்னைவிட மோசம்.

ஆனால் கண்டல் மரங்களின் ஓரம் தோணி போகும்போது கதை வேறு. அங்கே பின்னணி இருட்டு, ஆளும் இருட்டு. கோடு இல்லாமல் ஆளே தெரியவில்லை. கறுப்பு வெள்ளைச் சோதனை இதை எனக்குக் காட்டவே இல்லை, ஏனென்றால் கேமில் எங்கும் வெள்ளைப் பின்னணி கிடையாது.

தாளங்குடா | மார்ச் 10, இரவு 10.20

அக்கரைக்காற்று சொன்னது பாதி சரி, அந்தப் பாதி முக்கியமானது. நிழலுரு உருவத்தைச் சோதிக்கிறது. உருவம் பின்னணியிலிருந்து பிரிகிறதா என்பது வேறு சோதனை, அதற்குக் கறுப்பு வேண்டாம், சாம்பல் வேண்டும். கேம் படத்தை எடுத்து நிறத்தை முழுவதும் நீக்கிவிட்டு, தோலின் சாம்பலையும் அதன் பின்னால் உள்ள தண்ணீரின் சாம்பலையும் எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டும் நெருங்கியிருந்தால் பகல் வெயிலில் கைத்தொலைபேசியில் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. நிறம் வேறாக இருந்தாலும் பயன் இல்லை.

வெளிக்கோட்டுக்குப் பதில் இரண்டு வழிகள் உண்டு. கண்டல் ஓரத்துத் தண்ணீரை வெளிறச் செய்யலாம், வானம் பிரதிபலிக்கிறது என்று வைத்துக்கொண்டால் போதும். அல்லது ஆளின் மேல் பகுதியை வெளிறியதாகவும் கீழ்ப்பகுதியை இருண்டதாகவும் வைக்கலாம். டோட்டா 2 கேமுக்காக வால்வ் நிறுவனம் வெளியிட்ட கதாபாத்திர ஓவிய வழிகாட்டியிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. கண் மேலே போக வேண்டும் என்பதற்காக. உங்கள் ஆளுக்கு வேலை நடப்பது தோளிலும் முழங்கையிலும்தான்.

மருதமுனைநெசவு | மார்ச் 11, பகல் 12.50

கேள்வி இப்போதுதான் சரியாகப் புரிந்தது. உங்கள் படத்தில் ஆள் கட்டியிருக்கும் சாரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிறு கட்டம் போட்டிருக்கிறீர்கள். எங்கள் தறியில் அப்படிக் கட்டம் நெய்தால் பத்தடி தூரத்தில் அது ஒரே நிறமாகத் தெரியும், அது துணிக்கு அழகு. திரையில் அப்படிக் கலக்காது, ஆள் அசையும்போது மினுமினுக்கும். கண் அங்கேதான் போகும். கட்டத்தை எடுத்துவிட்டு, கீழே அகலமான ஒரே ஒரு கரை வையுங்கள். தூரத்திலிருந்தும் அது சாரம் என்று தெரியும்.

வாவிக்கரை | மார்ச் 12, இரவு 10.00

சகோதரி சொன்னபடி கட்டத்தை எடுத்தேன். கரு நீலச் சாரம், வெள்ளைக் கரை ஒன்று. மினுமினுப்பு நின்றது. அது இருந்ததே எனக்குத் தெரியாது, எடுத்த பிறகுதான் எவ்வளவு தொல்லை கொடுத்திருக்கிறது என்று தெரிந்தது.

சாம்பல் சோதனையில் மாமாவின் வெறும் முதுகும் நண்பகல் வாவியும் ஏறக்குறைய ஒரே சாம்பல். மாற்றியது வலையை. பழைய நைலோன் வலை வெயிலில் வெளிறிப் போயிருக்கும், அதையே எடுத்துக்கொண்டோம். இப்போது வெளிறிய வலை தோணிக்கு வெளியே தொங்கும்போது இருண்ட தண்ணீர்மேல் தனியாக நிற்கிறது. கை உடலின் மேல் விழும் தென்மேற்கிலும்கூட, வெளிறிய வலை இருண்ட உடலின் குறுக்கே தெரிகிறது. நிழலுரு தேறாத இடத்தில் சாம்பல் காப்பாற்றுகிறது. முழுவதுமாக இல்லை, ஓரளவு.

தண்ணீரையும் கண்டல் ஓரத்தில் வெளிறச் செய்தோம். வெளிக்கோட்டை ஒரு பிக்சலாக்கி, ஆள் கண்டல் நிழலுக்குள் இருக்கும்போது மட்டும் வரும்படி வைத்திருக்கிறோம்.

வாவிக்கரை | மார்ச் 15, இரவு 9.50

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். தெற்கு தெளிவு என்று 9ஆம் திகதி எழுதினேன். அது நின்ற படத்தில். ஓடும் கேமில் தெளிவாக இல்லை.

அம்மம்மாவையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நால்வரையும் உட்கார வைத்துக் காட்டினேன். எதிராளி ஆயத்தமாகும் இடத்தில் கேமை நிறுத்தி, அடுத்து என்ன செய்வான் என்று கேட்டேன். நிறுத்திக் காட்டியபோது எல்லாரும் வீசுவான் என்றார்கள். ஓடவிட்டுக் கேட்டபோது இருவர் மட்டுமே சொன்னார்கள். ஒரு பிள்ளை "திரும்புகிறான்" என்றாள். அது சரியான பதில்தான், அவள் கண்டது அதைத்தான்.

திரையைப் பதிவுசெய்து பிரேம் பிரேமாகப் பார்த்தேன். ஆயத்த நிலை 15 பிரேம், விநாடிக்கு 30 வீதம், அதாவது அரை விநாடி. ஆனால் தோணி தள்ளும் அசைவு மெல்ல மாறி இதற்குள் வரக் கலவை நேரம் 0.25 விநாடி வைத்திருந்தேன். இதிலிருந்து வீச்சுக்குப் போக 0.2 விநாடி. அரை விநாடியில் 0.45 விநாடி கலவையிலேயே போகிறது. தம்பி செய்த நிலை முழுமையாகத் திரையில் நிற்பது 0.05 விநாடி, ஒன்றரை பிரேம். முழங்கை தோள் உயரத்தை எட்டுகிறது, எட்டியதும் இறங்கத் தொடங்குகிறது.

இவ்வளவு நாளும் நாங்கள் சோதித்துக்கொண்டிருந்த நிலை கேமில் ஒருபோதும் காட்டப்படவே இல்லை.

தாளங்குடா | மார்ச் 15, இரவு 10.40

இது எனக்கும் நடந்திருக்கிறது, கொழும்பில் வேலை செய்த இடத்தில். அசைவு செய்தவரும் நிரல் எழுதியவரும் ஒரு வாரம் ஒருவரையொருவர் குற்றம் சொன்னார்கள். உள்ளே வரும் கலவையை 0.08க்குக் கொண்டுவாருங்கள். வெடுக்கென்று தெரியும் என்று பயப்படாதீர்கள், ஆயத்தத்துக்குள் போவது வெடுக்கென்று இருக்கலாம். நிலையை எட்டிய பிறகு எட்டு பிரேமாவது நிறுத்துங்கள். ஆனால் அசையாமல் நிறுத்தினால் கேம் உறைந்ததுபோலிருக்கும். முழங்கை அதே இடத்தில் இருக்கட்டும், தோணி மட்டும் மெதுவாகச் சரிந்துகொண்டே போகட்டும்.

வாவிக்கரை | மார்ச் 17, இரவு 8.30

செய்தோம். கலவை 0.08, பிடித்து நிற்பது ஒன்பது பிரேம், அந்த ஒன்பதிலும் தோணி இரண்டு பாகையிலிருந்து ஆறு வரை சரிகிறது. வீச்சுக்குப் போகும் கலவையை 0.1 ஆக்கினோம். மறுபடி அம்மம்மாவுக்குக் காட்டினேன். ஓடும்போதே "வீசப்போகிறான்" என்றார். பிறகு "உன் மாமா இப்படிக் கையைத் தூக்கமாட்டான்" என்றும் சொன்னார்.

மாமாவும் பார்த்தார். இப்படி முழங்கையைத் தூக்கினால் வலை விரியாது, ஒரு பக்கம் சுருண்டு விழும் என்றார். அது என்னை இரண்டு நாளாக உறுத்துகிறது. அவருடைய கையைப் பார்த்துத்தான் தொடங்கினோம்.

கூத்துக்களரி | மார்ச் 17, இரவு 9.15

வீசும் கணத்தில் மாமாவின் கை மாமாவின் கையாகவே இருக்கட்டும். அதற்கு முந்திய கணம் பார்ப்பவருக்கு உரியது. களரியில் வாள் ஓங்குவது அப்படித்தான். உண்மையில் அவ்வளவு பின்னே ஓங்கினால் வெட்டு விழும் முன் நீங்கள் வெட்டுப்பட்டுவிடுவீர்கள்.

வாவிக்கரை | மார்ச் 17, இரவு 9.48

அதைச் செய்து பார்க்கிறேன். ஆயத்தத்தில் முழங்கை உயரே, கை விடுபடுவதற்கு முந்திய மூன்று பிரேமில் மாமாவின் இடத்துக்கு இறங்கட்டும். அவர் ஒத்துக்கொள்வாரா என்பது வேறு.

தென்மேற்கு இன்னும் மிச்சம். தாளங்குடா, அந்தத் திசையில் மட்டும் ஆளின் மேலுடலை 25 பாகை கிழக்கே திருப்பிக் காட்டலாமா? தோணியின் மூக்கு தென்மேற்கிலேயே இருக்கும், உடல் மட்டும் கமராவுக்காகத் திரும்பும்.

தாளங்குடா | மார்ச் 18, காலை 7.00

பலரும் செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். ஆனால் உங்கள் கேமில் தயங்குவேன். எதிராளி எந்தப் பக்கம் வீசப்போகிறான் என்பதைப் பார்த்துத்தான் நீங்கள் தோணியை விலக்குகிறீர்கள். உடலை 25 பாகை திருப்பினால் வலை விழும் இடமும் திரும்பியதுபோல் கண் நினைக்கும். சண்டைக் கேமில் அது பொருட்டில்லை, இங்கே ஆள் தப்பான பக்கம் விலகுவார்.

அக்கரைக்காற்று | மார்ச் 18, காலை 8.20

நான் ஒத்துக்கொள்ளவில்லை. 7 மில்லிமீட்டர் ஆளின் உடல் 25 பாகை திரும்பியதை யார் பார்க்கப்போகிறார்? எல்லாரும் தோணியின் மூக்கைத்தான் பார்ப்பார்கள். திருப்பிவிடுங்கள் தம்பி.

வாவிக்கரை | மார்ச் 20, இரவு 11.10

இரண்டு விதமாகவும் செய்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு மாற்றி மாற்றிக் கொடுத்தேன். திருப்பியதில் வீச்சை முன்கூட்டிக் கண்டுகொள்கிறார்கள், ஆனால் மூத்தவன் இரண்டு முறை தவறான பக்கம் தோணியை எடுத்தான். திருப்பாததில் அந்தத் தவறு இல்லை, வீச்சைக் காண்பது சற்றுத் தாமதம். நால்வரை வைத்து முடிவு சொல்ல முடியாது. இப்போதைக்குத் திருப்பாமல், தென்மேற்கில் மட்டும் வலையை இரண்டு கை அகலம் நீளமாகத் தொங்கவிட்டு, தோணியை எட்டு பாகை சரித்திருக்கிறேன்.

மாமா நாளைக் காலை பெரிய திரையில் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். கைத்தொலைபேசியிலேயே காட்டுவேன்.

கூத்துக்களரி | மார்ச் 20, இரவு 11.25

அவர் சொன்னதை எழுதுங்கள்.

வாவிக்கரை | மார்ச் 21, மாலை 6.10

பார்த்தார். ஆயத்தத்தில் ஒன்றும் சொல்லவில்லை. விடுபடும் மூன்று பிரேமைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னார். கை சரி, ஆனால் மணிக்கட்டில் கட்டிய கயிறு எங்கே என்று கேட்டார். கயிறு இல்லாமல் வீசினால் வலை வாவிக்கே போய்விடுமாம். 7 மில்லிமீட்டரில் அந்தக் கயிறு தெரியாது, அரைப் பிக்சல்கூட வராது. ஆனாலும் தம்பி இப்போது அதைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறான்.